பன்னிரண்டு பேலட், ஒரு கையெழுத்து: லாஜிஸ்டிக்ஸ் மாணவர்களை வழியனுப்ப என்ன பேசுறது?

கேள்வி: வணக்கம் மேடம். நான் லாஜிஸ்டிக்ஸ் பாடம் எடுக்குற ஆசிரியர். படிப்பு முடிச்சுட்டு போற பசங்களுக்கு வழியனுப்பு விழாவுல அஞ்சு நிமிஷம் பேசச் சொல்லியிருக்காங்க. துல்லியம், நேர்மை, பொறுமை, இந்த மூணைப் பத்தி பேசலாம்னு இருக்கேன். தப்பே வரக்கூடாதுன்னு அழுத்திச் சொல்லணும், நேர்மையா இருந்தா கம்பெனி கைவிடாதுன்னு சொல்லணும், மேலதிகாரி கத்தினாலும் பொறுத்துப் போகணும்னு சொல்லணும். ஆனா ஒரு உறுத்தல். என்கிட்ட படிச்ச ஒருத்தர் சரக்கு குறையுதுன்னு உண்மையைச் சொல்லிட்டு நல்லா திட்டு வாங்கினார். அவர் உட்கார்ந்திருக்குற கூட்டத்துலயே நேர்மைக்கு பலன் உண்டுன்னு எப்படி பேசுறது? ஒரு மாதிரி உரையும் எழுதிக் கொடுத்தா உதவியா இருக்கும்.
— பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியர்

பதில்: வணக்கம் சார். வேர்ஹவுஸ் வேலையும் கிளைம் வேலையும் ரொம்ப காலம் பார்த்தவங்கற முறையில சொல்றேன், உங்க உறுத்தல்தான் இந்த உரையிலயே நல்ல விஷயம், அதை மறைக்காம அதுல இருந்தே ஆரம்பிங்க. மூணு குணத்தையும் தனித்தனியா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒன்றரை நிமிஷம்னு பேசினா பசங்க கை தட்டுவாங்க, வெளிய போனதும் மறந்துடுவாங்க. வேலையில இந்த மூணும் தனித்தனியா வராது. லோடு வந்து நிக்கும்போது டிரைவர் சலானை நீட்டுறாரே, அந்த சில நிமிஷத்துல மூணும் ஒண்ணா வரும். அந்த நிமிஷத்தை மட்டும் எடுத்துப் பேசுங்கன்னுதான் என் யோசனை. அதுக்கு முதல்ல அந்த இடத்துல உண்மையில என்ன நடக்குதுன்னு ஒரு கணக்கோட பார்த்துடலாம்.

எண்ணுறது வேற, பெருக்குறது வேற

ஒரு லாரியில பன்னிரண்டு பேலட் வருதுன்னு வைங்க. ஒவ்வொரு பேலட்லயும் அஞ்சு அடுக்கு, ஒரு அடுக்குல மூணுக்கு மூணு ஒன்பது பெட்டி. அப்போ ஒரு பேலட்டுக்கு 45, மொத்தம் 540. சலான்லயும் 540ன்னுதான் இருக்கு. புதுசா சேர்ந்த பையன் என்ன பண்ணுவான், பேலட்டை எண்ணுவான், பன்னிரண்டு இருக்கு, 45ஆல பெருக்குவான், சரியா வருது, கையெழுத்து போட்டுடுவான். அவன் ஏமாத்தவும் இல்ல, சோம்பேறியும் இல்ல, எண்ணிட்டோம்னே மனசார நம்புறான். ஆனா அவன் எண்ணினது பேலட்டை மட்டும்தான், பெட்டியை இல்ல. ஒவ்வொரு பேலட்லயும் 45 இருக்குங்கறது அனுப்பினவர் சொன்னது, அதை இவன் அப்படியே எடுத்துக்கிட்டான்.

இப்போ அந்த பன்னிரண்டுல ஒரு பேலட்ல, மேல் அடுக்கு முழுசா இருக்கு, அதுக்கு கீழ இருக்குற நாலு அடுக்குலயும் நடுப்பெட்டி மட்டும் இல்ல. சுத்தி எட்டு பெட்டி இருக்குறதால நாலு பக்கமும் நடந்து பார்த்தாலும் தெரியாது, மேல இருந்து பார்த்தாலும் ஒன்பது மூடி தெரியும். உள்ள ஒரு குழாய் மாதிரி காலியா இருக்கும். அனுப்புற இடத்துல அவசரத்துல அடுக்கும்போதும் இது நடக்கும், வேணும்னே எடுத்தவங்களாலயும் நடக்கும், பெட்டியோட அளவு மாறினதால அடுக்குற முறை மாறியும் நடக்கும். எதுனால நடந்துச்சுன்னு இறக்குற இடத்துல நிக்குறவனுக்கு தெரியவே தெரியாது, இந்த வார்த்தையை மனசுல வச்சுக்கங்க, நேர்மைன்னு வரும்போது திரும்ப தேவைப்படும்.

கண்டுபிடிக்க வழி இருக்கு. ஒரு பெட்டி 12 கிலோ, காலி பேலட் 20 கிலோன்னா முழு பேலட் 560 கிலோ காட்டணும். நாலு பெட்டி குறைஞ்ச பேலட் 512 காட்டும். 48 கிலோ வித்தியாசத்தை தராசு மறைக்காது. ஒண்ணு ரெண்டு கிலோ ஏறி இறங்கினா பெருசா எடுத்துக்க வேண்டாம், மரப் பேலட் ஈரம் குடிச்சாலே அவ்வளவு மாறும். இதே காரணத்தால பெட்டி ஒண்ணு 300 கிராம்தான்னா தராசை நம்பி பிரயோஜனம் இல்ல, நாலு பெட்டி குறைஞ்சாலும் ஒண்ணேகால் கிலோ கூட வராது, அங்க ரெண்டு மூணு பேலட்டையாவது பிரிச்சு எண்ணித்தான் ஆகணும். எந்த சரக்குக்கு எந்த முறைன்னு தெரிஞ்சு வச்சிருக்குறதுதான் துல்லியம்.

அதனால தப்பே வரக்கூடாதுன்னு மேடையில சொல்லாதீங்க சார். அது நடக்காத காரியம், அதோட ஆபத்தானதும் கூட. தப்பே வரக்கூடாதுன்னு பயந்து போறவன் தப்பு வந்ததும் முதல்ல அதை மறைக்கத்தான் பார்ப்பான். எதை நான் கண்ணால பார்த்தேன், எதை அடுத்தவர் சொல்லி நம்பினேன், இந்த ரெண்டையும் பிரிச்சு வச்சுக்கங்கன்னு சொல்லுங்க, அதை முதல் நாள்ல இருந்தே செய்ய முடியும்.

கையெழுத்து போட்ட பிறகு என்ன ஆகும்

பையன் 540ன்னு கையெழுத்து போட்டான், சிஸ்டத்துலயும் 540ன்னு ஏத்திட்டான். அன்னைக்கு ஒண்ணும் ஆகாது. அடுத்த நாளும் ஒண்ணும் ஆகாது. இந்த தப்பு அழுகையும் சத்தமும் இல்லாம உட்கார்ந்திருக்கும், அதனாலதான் பசங்க இதை சின்ன விஷயமா நினைக்குறாங்க. சரக்கு போகப் போக கடைசியில சிஸ்டம் இன்னும் நாலு இருக்குன்னு காட்டும், ரேக் காலியா இருக்கும். சிஸ்டத்தை நம்பி விற்பனைப் பக்கம் அந்த நாலையும் ஒரு வாடிக்கையாளருக்கு தர்றேன்னு வாக்கு கொடுத்திருப்பாங்க. பிக்கர் போய்ப் பார்த்து இல்லன்னு வந்து நிப்பார். அவர்மேலதான் முதல் சந்தேகம் விழும். இன்னொரு கெடுதலும் இருக்கு, சரக்கு இருக்குன்னு சிஸ்டம் நினைச்சுட்டு இருக்குறவரைக்கும் புதுசா ஆர்டர் போடச் சொல்லாது, அதனால இல்லாத சரக்குக்காக எல்லாரும் காத்துட்டு இருப்பாங்க.

அப்போ போய் வண்டிக்காரங்ககிட்ட குறைஞ்சுதுன்னு கேட்டா, உங்க ஆளே 540 வாங்கினேன்னு கையெழுத்து போட்டிருக்காரேன்னு காகிதத்தை எடுத்துக் காட்டுவாங்க. சட்டமும் ஆரம்பத்துல அவங்க பக்கம்தான் சாயும். கடல்வழி சரக்குக்கான ஹேக்-விஸ்பி விதிகள்ல, வெளியில தெரியாத குறைவோ சேதமோ இருந்தா டெலிவரி ஆன 3 நாளுக்குள்ள எழுத்துல சொல்லணும். எல்லை தாண்டுற சாலைப் போக்குவரத்துக்கு ஐரோப்பாவுல நடைமுறையில இருக்குற சிஎம்ஆர் ஒப்பந்தத்துல அது 7 நாள், ஞாயிறும் அரசு விடுமுறையும் சேராம. வெளியில தெரியுற குறைவுன்னா ரெண்டுலயுமே அப்பவே சொல்லிடணும். வான்வழிக்கான 1999 மான்ட்ரியல் ஒப்பந்தத்துல சேதத்துக்கு 14 நாள். ஹேக்-விஸ்பியிலயும் சிஎம்ஆர்லயும் சொல்லாம விட்டா கிளைம் செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்ல, சரக்கு காகிதத்துல இருக்குறபடியே வந்து சேர்ந்துச்சுன்னு முதல்ல எடுத்துப்பாங்க, இல்லன்னு நிரூபிக்குற பாரம் நம்ம தலையில வந்து விழும். மான்ட்ரியல் இன்னும் கறார், அதுல 14 நாளைத் தாண்டி சேதத்துக்கு வழக்கே போட முடியாது, கேரியர் மோசடி பண்ணியிருந்தா மட்டும்தான் விதிவிலக்கு. உங்க பசங்க போற இடத்துல எந்த விதி பொருந்தும்னு அந்தந்த ஒப்பந்தத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், சேர்ந்த முதல் வாரத்துலயே அதைக் கேட்டுத் தெரிஞ்சுக்கச் சொல்லுங்க.

சலான்ல என்ன எழுதணும்

நேர்மையைப் பத்தி பேசும்போது நிறைய பேர் திருட்டையும் லஞ்சத்தையும் பத்தி பேசுவாங்க. உங்க பசங்கள்ல பெரும்பாலானவங்க திருடப் போறதில்ல சார். அவங்க நேர்மை சோதனைக்கு வர்ற இடம் சலான்ல இருக்குற ரிமார்க்ஸ் கட்டம். அங்க எழுதவேண்டியது தான் பார்த்ததை மட்டும். "பேலட் 7, தராசுல 512 கிலோ, பிரிச்சு எண்ணியதில் 41 பெட்டி, 4 குறைவு, ராப் கிழியாமல் இருந்தது, சீல் நம்பர் பொருந்தியது", தேதி, நேரம், தன் கையெழுத்து, முடிஞ்சா டிரைவர் கையெழுத்து. இவ்வளவுதான். டிரைவர் எடுத்துட்டார்னு எழுதக்கூடாது, ஏன்னா அது தெரியாது. சீல் சரியா இருந்துச்சுன்னு எழுதுறது டிரைவருக்கு சாதகமா போகலாம், போகட்டும், அதுவும் உண்மைதானே. நமக்கு சாதகமானதை மட்டும் எழுதினா அந்த காகிதத்தை அப்புறம் யாரும் நம்ப மாட்டாங்க.

"எண்ணிப் பார்க்காமல் பெற்றுக்கொண்டேன்"னு பொதுவா ஒரு வரி எழுதிட்டா தப்பிச்சுக்கலாம்னு ஒரு நம்பிக்கை பசங்ககிட்ட இருக்கு. எண்ண நேரமே இல்லாதப்போ ஒண்ணும் எழுதாம விடுறதுக்கு அது மேல்தான், ஆனா எது எவ்வளவு குறைஞ்சுதுன்னு சொல்லாத வரிக்கு கிளைம்ல பெரிய மதிப்பு கிடையாது. அதை எழுதிட்டு அன்னைக்கே எண்ணி முடிச்சு, கணக்கை எழுத்துல அனுப்பினாத்தான் உபயோகம்.

இன்னொண்ணு, எழுதினது தப்பாயிட்டா வெள்ளை மை தடவக்கூடாது, மேலேயே அழுத்தி எழுதி திருத்தக்கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு அடிக்கணும், பழைய எண் படிக்குற மாதிரி இருக்கணும், பக்கத்துல புது எண், சுருக்கொப்பம், தேதி. சிஸ்டத்துலயும் இதே கதைதான். நாலு குறையுதுன்னா அட்ஜஸ்ட்மென்ட்ல நாலைக் கழிச்சுட்டு காரணம்ங்கற இடத்துல "மற்றவை"ன்னு போட்டுட்டு போயிடுறது ரொம்ப சுலபம், யாரும் கேட்க மாட்டாங்க. அதைவிட மோசம், அதே மாதிரி இருக்குற வேற சரக்குல நாலு அதிகமா இருந்தா அதை இதுக்கு மாத்தி ரெண்டையும் சரிக்கட்டுறது. மொத்தக் கணக்கு அழகா பொருந்திடும், ரெண்டு சரக்கோட கணக்கும் பொய்யாயிடும். நேத்து வந்த சரக்குக்கு இன்னைக்கு தேதி போடுறது, ஏத்தாத சரக்குக்கு ஏத்தினதா பில் ஆஃப் லேடிங்ல தேதியை முன்னாடி தள்ளிப் போடுறது, இதெல்லாம் சரிக்கட்டுறது இல்ல, மோசடி. அந்த தேதியை நம்பித்தான் பேங்க் பணம் கொடுக்குது. ஒரு உதவிதானேன்னு கேட்டாலும் செய்யக்கூடாத விஷயம்னு இதை மட்டும் பசங்களுக்கு தெளிவா சொல்லிடுங்க.

திட்டு வாங்கின மாணவர் விஷயம்

நேர்மையா இருந்தா கம்பெனி கைவிடாதுன்னு சொல்லாதீங்க. சில கம்பெனி கைவிடும். அவர் அங்க உட்கார்ந்து கேட்டுட்டு இருக்கும்போது அந்த வரி அவரைக் காயப்படுத்தும். உண்மையை இப்படிச் சொல்லுங்க: குறைவை டாக்லயே எழுதினவனுக்கு அன்னைக்கு திட்டு கிடைக்கலாம், எழுதாதவனுக்கு பின்னாடி விளக்கம் கேட்டு கடிதம் வரும், ரெண்டாவதுல அவன் கையில காகிதம் ஒண்ணும் இருக்காது. எழுதினவனுக்கு குறைஞ்சபட்சம் தன்னைக் காப்பாத்திக்க ஒரு தாள் இருக்கும். நான் கிளைம் ஃபைல் பிரிச்சுப் பார்த்த வரைக்கும், பெரிய பதவிக்காரங்க பேச்சைவிட அந்த ஒரு வரி ரிமார்க் அதிகமா எடுபட்டிருக்கு.

அவர் எப்படிச் சொன்னார்ங்கறதும் முக்கியம், அதை அவர்கிட்ட தனியா கேட்டுப் பாருங்க. நாலு பேர் முன்னாடி சரக்கு திருடு போயிருக்குன்னு சொன்னாரா, இல்ல பேலட் 7ல 41தான் இருக்கு சார், வந்து ஒருதடவை பாருங்கன்னு சொன்னாரா? முதலாவதைச் சொல்லியிருந்தா திட்டுக்கு கொஞ்சம் காரணம் இருக்கு. ரெண்டாவதைச் சொல்லியும் திட்டு விழுந்திருந்தா தப்பு அவர்மேல இல்ல. எழுதாம கையெழுத்து போடுன்னு மேல இருந்து சொன்னா பசங்க செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. சண்டை போடாம, "நான் எண்ணினது 536, உங்க உத்தரவுப்படி 540ன்னு வாங்கிக்கவா சார்"னு ஒரு மெயிலோ மெசேஜோ அனுப்பி பதில் கேக்குறது. பெரும்பாலும் அந்த பதில் எழுத்துல வராது, உத்தரவும் மாறிடும். மாறலன்னா கையெழுத்தை அவரையே போடச் சொல்லலாம். இதுல வேலைக்கு ஆபத்து இல்லன்னு நான் சொல்ல மாட்டேன், ஆபத்து இருக்கு, ஆனா பொய்க் கையெழுத்துல இருக்குற ஆபத்து தன் பேர்ல நிக்கும்.

பொறுமைன்னா சகிச்சுக்குறது இல்ல

மேலதிகாரி கத்தினா பொறுத்துக்கங்கன்னு ஆசிரியர் வாயால சொன்னா, பசங்க அதை வாயை மூடிட்டு இருக்கச் சொல்றதா எடுத்துப்பாங்க. இந்த வேலையில பொறுமைக்கு இடம் வேற. வண்டி நிக்க நிக்க காத்திருப்புக் கட்டணம் ஏறும், டிரைவருக்கு அடுத்த லோடு இருக்கும், பின்னாடி ரெண்டு வண்டி ஹாரன் அடிக்கும், அதுக்கு நடுவுல அந்த ஏழாவது பேலட்டைப் பிரிக்கச் சொல்றதுக்குத்தான் பொறுமை வேணும். டிரைவர்மேல கோபப்படவும் கூடாது, அவர் நேரமும் பணம்தான், "பத்து நிமிஷம் அண்ணே, இந்த ஒண்ணை மட்டும் பார்த்துட்டு விட்டுடறேன்"னு சொன்னா பாதிப்பேர் ஒத்துழைப்பாங்க.

கணக்கு இடிக்கும்போதும் பொறுமை வேணும். உடனே அட்ஜஸ்ட்மென்ட் போட்டு மூடிடாம, முதல்ல எண்ணாத இன்னொருத்தரை விட்டு, பழைய எண்ணைச் சொல்லாம எண்ணச் சொல்லணும். அப்புறம் சலான்ல இருக்குற அளவு பெட்டியா பீஸான்னு பார்க்கணும், பாதி பிரச்சனை அங்கேயே தீரும். அப்புறம் பக்கத்து ரேக்ல தப்பா வச்சிருக்கான்னு தேடணும். இதெல்லாம் முடிஞ்சும் குறைஞ்சாத்தான் குறைவு.

மாதிரி உரை

மெதுவா படிச்சா அஞ்சு நிமிஷத்துக்குள்ள முடியும். உங்க பேச்சுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கங்க.

"எல்லாருக்கும் வணக்கம். நீங்க சீக்கிரமே ஒரு டாக்ல நிப்பீங்க. ஒரு வண்டி வரும். டிரைவர் காகிதத்தை நீட்டி, சைன் பண்ணுங்க, கிளம்பணும்னு சொல்வார். நான் இன்னைக்கு பேசப்போறது அந்த நேரத்தைப் பத்தி மட்டும்தான்.

பேலட்டை எண்ணிப் பெருக்கினா கணக்கு எப்பவும் சரியா வரும், ஏன்னா நீங்க பெருக்குறது அவங்க கொடுத்த எண்ணை. ஒரு பேலட்டையாவது எடை போடுங்க, இல்ல பிரிங்க. மேல் அடுக்குக்குக் கீழ நடுவுல கை விட்டுப் பாருங்க. நான் பார்த்தேன்னு சொல்றதுக்கு முன்னாடி நிஜமா பார்த்திருக்கணும்.

குறைஞ்சா எழுதுங்க. எந்த பேலட், எத்தனை, எத்தனை மணிக்கு. யார் எடுத்தாங்கன்னு எழுதாதீங்க, அது உங்களுக்கு தெரியாது. சீல் நல்லா இருந்தா அதையும் எழுதுங்க. நீங்களே தப்பா எண்ணியிருந்தா, ஒரு கோடு போட்டு அடிச்சுட்டு பக்கத்துல சரியானதை எழுதி சுருக்கொப்பம் போடுங்க. தப்பு வரும். எனக்கும் வரும். அடிச்சு எழுதின எண்ணைப் பார்த்து உங்களைக் குறைவா நினைக்குறவங்களுக்கு இந்த வேலை தெரியாதுன்னு அர்த்தம்.

இப்படி எழுதினதுக்காக உங்களுக்கு திட்டு விழலாம். விழாதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். இந்தக் கூட்டத்துலயே அப்படி வாங்கினவங்க இருக்கலாம். நீங்க செஞ்சது சரின்னு உங்க ஆசிரியரா எல்லார் முன்னாடியும் சொல்றேன். அடுத்த தடவை எழுத்துல கேளுங்க, எழுத்துல பதில் வாங்குங்க, உங்க காப்பி ஒண்ணை பத்திரமா வைங்க. தேதியை மாத்திப் போடச் சொன்னா மட்டும், யார் சொன்னாலும், முடியாதுன்னு சொல்லுங்க.

பின்னாடி ஹாரன் அடிக்கும். அடிக்கட்டும். டிரைவர்கிட்ட மரியாதையா பத்து நிமிஷம் கேளுங்க, தண்ணி கொடுங்க, அவர் ராத்திரி பூரா ஓட்டி வந்திருப்பார். ஆனா எண்ணி முடிக்காம பேனாவை எடுக்காதீங்க.

முதல் மாசம் எதை எப்படி எழுதுறதுன்னு குழப்பம் வரும். என் நம்பர் உங்ககிட்ட இருக்கு. காகிதத்தை கையில வச்சுக்கிட்டே கூப்பிடுங்க. போயிட்டு வாங்க."

கடைசியா ஒண்ணு சார். திட்டு வாங்கினவரைப் பத்தின அந்த வரியை மேடையில சொல்றதுக்கு முன்னாடி அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. பேர் சொல்லலன்னாலும் கூட இருக்குறவங்களுக்கு யாருன்னு தெரியும், இன்னும் அவர் அதே இடத்துல வேலை பார்த்துட்டு இருந்தா அது அவருக்கு தொந்தரவா போகலாம். அவர் வேண்டாம்னு சொன்னா "இந்தக் கூட்டத்துலயே"ங்கற வரியை மட்டும் எடுத்துடுங்க, மத்ததை மாத்த வேண்டியதில்ல. முடிஞ்சா விழாவுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் கிடைச்சா, ஒரு வெத்து சலானை நகல் எடுத்து ஆளுக்கு ஒண்ணு கொடுத்து அந்த நாலு பெட்டிக் குறைவை ரிமார்க்ஸ்ல எழுதச் சொல்லிப் பாருங்க. எத்தனை பேர் "டிரைவர்"ங்கற வார்த்தையை எழுதுறாங்கன்னு பார்த்தா, உரையில எந்த இடத்துல நின்னு பேசணும்னு உங்களுக்கே தெரிஞ்சுடும்.